மூன்று மீட்டருக்குள் பாதியாகும் வேகம்

2023 ஏப்ரல் 14 அன்று ஜப்பானின் சோகா நகரில், யோனெக்ஸ் தொழிற்சாலையின் உள்ளரங்கில், ஆந்திராவின் அமலாபுரத்தைச் சேர்ந்த சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி எகிறி ஒரு ஸ்மாஷ் அடித்தார். மட்டையை விட்டுக் கிளம்பியபோது ஷட்டிலின் வேகம் மணிக்கு 565 கி.மீ. அதே நாளில் அதே இடத்தில் மலேசியாவின் பேர்லி டான் 438 கி.மீ. வேகத்தில் அடித்துப் பெண்கள் பிரிவில் சாதனை படைத்தார். இரண்டும் கின்னஸ் பதிவேட்டில் ஏறின. அதற்கு முன் பத்தாண்டுகளாக ஆண்களின் சாதனையாக இருந்தது மலேசியாவின் டான் பூன் ஹியோங் அடித்த 493 கி.மீ.

மட்டை பிடித்து ஆடும் வேறு எந்த விளையாட்டும் இதன் பக்கத்தில் வர முடியவில்லை. டென்னிஸில் 2016-ல் டேவிஸ் கோப்பைப் போட்டியில் ஜான் இஸ்னர் போட்ட சர்வ் 253 கி.மீ. 2012-ல் தென்கொரியாவின் பூசானில் சாம் குரோத் போட்டது 263 கி.மீ. ஸ்குவாஷில் 280 கி.மீ.யைத் தாண்டி அடித்திருக்கிறார்கள். பேட்மின்டனின் சாதனை இவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஆனால் அதே ஷட்டிலைக் கூரை உயரத்திலிருந்து சும்மா கீழே விட்டுப் பாருங்கள். அது எவ்வளவு நேரம் விழுந்தாலும் மணிக்கு 24 கி.மீ. வேகத்தைத் தாண்டாது. சற்று வேகமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம் அது. டென்னிஸ் பந்து காற்றில் விழுந்தால் ஏறத்தாழ 80 கி.மீ. வேகம் வரை போகும். ஸ்குவாஷ் பந்து 120 கி.மீ. வரை. காற்று அதிகமாகத் தடுக்கும் பொருள் எதுவோ, அதுவே எல்லாவற்றையும்விட வேகமாகக் கிளம்புகிறது. இந்த முரணுக்குள்தான் பேட்மின்டன் என்ற ஆட்டமே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஷட்டிலைக் கையில் எடுத்துப் பார்த்தால் ஒரு கார்க், அதில் செருகிய 16 இறகுகள், இறகுத் தண்டுகளைக் கட்டிச் சுற்றிய நூல், பசை. இவ்வளவுதான். மொத்த எடை 4.74 முதல் 5.50 கிராம் வரை இருக்கலாம் என்கிறது விதி. அந்த ஐந்து கிராமில் மூன்று கிராம் கார்க்கிலும் இரண்டு கிராம் இறகுகளிலும் இருக்கின்றன. இறகு நுனிகள் சேர்ந்து அமைக்கும் வட்டத்தின் விட்டம் 58 முதல் 68 மில்லிமீட்டர். அதாவது டென்னிஸ் பந்தின் அகலம், ஆனால் எடையில் அதன் பதினொன்றில் ஒரு பங்கு. காற்றுக்கு எதிரே காட்டும் பரப்பு பெரியது, அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு போகத் தேவையான எடை மிகச் சிறியது. வேகம் இழப்பதற்கென்றே செய்ததைப் போன்ற உடல்வாகு.

இறகுகளின் அடிப்பகுதியில் தண்டுக்கும் தண்டுக்கும் இடையே இடைவெளி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஓட்டைகள் வழியே காற்று எளிதாகப் போய்விடும், அதனால் தடை குறையும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் ஷட்டிலைச் சுற்றிக் காற்று எப்படி ஓடுகிறது என்பதைக் கணினியில் கணக்கிட்டுப் பார்த்தார்கள். வெளியே ஓடும் காற்று அந்த இடைவெளிகள் வழியாக இறகுக் கூம்புக்குள் இழுக்கப்படுகிறது. இதனால் கூம்பின் உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் வேறுபடுகிறது. அந்த வேறுபாடுதான் ஷட்டிலைப் பின்னுக்கு இழுக்கும் தடையில் பெரும் பங்கு. இடைவெளிகளை அடைத்த ஒரு ஷட்டிலையும் கணக்கிட்டார்கள். அதில் தடை குறைந்தது.

இனி அந்தத் தடை எவ்வளவு என்று பார்க்கலாம். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு, வேகம் பத்து மடங்கானால் தடை நூறு மடங்கு. மணிக்கு 24 கி.மீ. வேகத்தில் விழும் ஷட்டிலில் காற்றுத் தடையும் ஷட்டிலின் எடையும் சமம். அதனால்தான் அதற்கு மேல் வேகம் கூடுவதில்லை. இதை அளவுகோலாக வைத்தால் மற்றவை எளிது. 400 கி.மீ. என்பது அதைப் போல 16 மடங்குக்கும் மேல். தடை அதன் வர்க்கம், எடையைப் போல சுமார் 275 மடங்கு. ஐந்து கிராம் ஷட்டிலை ஒன்றேகால் கிலோவுக்கும் மேலான எடை பின்னுக்கு இழுப்பதற்குச் சமம் இது. சாத்விக்கின் 565 கி.மீ.க்கு இந்தக் கணக்கைப் போட்டால் எடையைப் போல ஏறத்தாழ 550 மடங்கு வருகிறது. இஸ்னரின் 253 கி.மீ. சர்வில் டென்னிஸ் பந்து சந்தித்த தடை அதன் எடையைப் போல பத்து மடங்குதான்.

இதன் விளைவை பிரான்ஸின் எகோல் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் தெளிவாக வகுத்துக் காட்டினார்கள். அவர்கள் அளந்த எண்களை வைத்துக் கணக்கிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க ஒரு விதி கிடைக்கிறது. ஷட்டில் ஒவ்வொரு 3.2 மீட்டர் கடக்கும்போதும் அதன் வேகம் பாதியாகிறது. எவ்வளவு வேகத்தில் கிளம்பினாலும் அதே 3.2 மீட்டர்தான். டென்னிஸ் பந்து பாதி வேகத்தை இழக்க 34 மீட்டர் பறக்க வேண்டும். டென்னிஸ் கோர்ட்டின் முழு நீளமே 24 மீட்டருக்கும் குறைவு. பேட்மின்டன் கோர்ட் 13.40 மீட்டர். அதற்குள் ஷட்டிலின் வேகம் நான்கு முறை பாதியாகிவிடும்.

அப்படியானால் அது இவ்வளவு வேகத்தில் கிளம்புவது எப்படி?

முதல் காரணம் எடைகளின் விகிதம். நரம்பு கட்டிய பேட்மின்டன் மட்டை சுமார் 85 கிராம், ஷட்டில் 5 கிராம். மட்டை பதினேழு மடங்கு கனம். டென்னிஸில் மட்டை 300 கிராம், பந்து 57 கிராம்; ஐந்து மடங்கு சொச்சம்தான். ஸ்குவாஷிலும் ஏறத்தாழ இதே விகிதம். கனமான பொருள் ஒன்று லேசான பொருளின் மீது மோதும்போது, லேசானது அதிகபட்சமாக மோதியதன் வேகத்தைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் தெறிக்க முடியும். எடை வித்தியாசம் கூடக்கூட இந்த எல்லையை நெருங்கலாம். நரம்பிலும் கார்க்கிலும் கொஞ்சம் ஆற்றல் வீணாவதால் முழு இரண்டு மடங்கு கிடைப்பதில்லை. ஆனாலும் டென்னிஸ் பந்து மட்டையை முட்டி அதன் வேகத்தைப் பிடித்து நிறுத்துவதைப் போல ஷட்டிலால் மட்டையை நிறுத்த முடியாது.

இரண்டாவது, 85 கிராம் மட்டையை எவ்வளவு வேகமாக வீச முடியும் என்பது. தோள் சுழன்று, முழங்கை நீண்டு, கடைசியில் முன்கை உட்புறமாகத் திரும்பும்போது மட்டையின் தலை சட்டென்று சீறுகிறது. ஸ்மாஷ் என்றால் மணிக்கட்டுதான் என்று பல பயிற்சி மைதானங்களில் சொல்வார்கள். உண்மையில் பெரும் பங்கு மேற்கையும் முன்கையும் தங்கள் அச்சிலேயே திரும்புவதிலிருந்து வருகிறது. கனமான மட்டையோடு அந்தத் திருப்பலை இவ்வளவு வேகமாகச் செய்ய முடியாது.

இவை இரண்டும் அவசியம். ஆனால் போதாது. டேபிள் டென்னிஸ் பந்தின் எடை 2.7 கிராம், ஷட்டிலைவிட லேசு. அதையும் வேகமாக வீசக்கூடிய மட்டையால்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் அங்கே வேகங்கள் ஸ்மாஷுக்குப் பல படிகள் கீழே நிற்கின்றன. மட்டையின் பிடி குட்டை என்பது ஒரு காரணம். இன்னொன்று, பந்து 2.74 மீட்டர் மேசையில் எதிர்ப்பாதியில் விழுந்தாக வேண்டும். ஒரு அளவுக்கு மேல் அடித்தால் பந்து மேசையைத் தாண்டிப் போய்விடும். டென்னிஸிலும் இதே கட்டுப்பாடு. வேகத்தைக் கூட்டக்கூட, பந்து வலைக்கு மேலே போய்க் கோட்டுக்குள்ளும் விழும் கோணங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

ஷட்டிலுக்கு இந்தக் கட்டுப்பாடு கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு பலமாக அடித்தாலும் காற்று அதைக் கோர்ட்டுக்குள் பிடித்து நிறுத்திவிடும். ஷட்டிலை மேல்நோக்கி அடித்து எதிர்ப்பக்கக் கடைசிக்கு அனுப்பும்போது, அடிக்கும் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் அது போகும் தூரம் கூடுவது சுமார் மூன்று மீட்டர்தான். காற்று இல்லாத இடமென்றால் தூரம் நான்கு மடங்காகியிருக்கும். ஸ்மாஷில் ஷட்டில் கீழ்நோக்கிப் போவதால் வெளியே போகும் அபாயம் இன்னும் குறைவு. ஆகவே ஆட்டக்காரர் தன் பலத்தில் எதையும் அடக்கி வைக்க வேண்டியதில்லை. தோளின் கடைசித் துளி வேகம் வரை ஸ்மாஷில் கொட்டலாம். வேகத்தைக் கொல்லும் காற்றுதான் அந்த வேகத்துக்கு இடமும் கொடுக்கிறது. எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த உண்மை இதுதான்.

அடித்த கணத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வரும் ஷட்டிலின் கார்க் முன்னால் இருக்கும். மட்டை கார்க்கில்தான் படும். எனவே திரும்பிப் போகும்போது இறகுப் பக்கம் முன்னாலும் கார்க் பின்னாலுமாகக் கிளம்புகிறது. கனமெல்லாம் கார்க்கில், காற்றுத் தடையெல்லாம் இறகில் என்பதால் அது உடனே தலைகீழாகத் திரும்பிக்கொள்கிறது. சாதாரண அடிகளில் இதற்கு ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறது என்று அதே பிரெஞ்சு ஆய்வு அளந்திருக்கிறது. திரும்பிய பிறகும் சிறிது நேரம் இரு பக்கமும் ஆடி, அடங்கி, கார்க்கை முன்னே நீட்டிக்கொண்டு போகிறது. அதனால் முதல் ஓரிரு மீட்டரில் மேலே சொன்ன கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. அதன் பிறகு நன்றாகப் பொருந்தும்.

ஸ்மாஷ் வேகத்தைப் பற்றிய எண்களைப் படிக்கும்போது, அது எந்த இடத்தில் அளந்தது என்று கேட்பது நல்லது. 565 கி.மீ.யில் கிளம்பிய ஷட்டிலை ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் ஏறத்தாழ 455 கி.மீ. என்றுதான் காட்டும். ஒரே அடிதான், அளந்த இடம் மட்டும் ஒரு மீட்டர் மாறியது. சோகாவில் அளந்தது மட்டையை விட்டு நீங்கிய உடனே, ஆட்டக்காரர் விரும்பியபடி ஊட்டப்பட்ட ஷட்டிலை நின்று நிதானித்து அடித்தபோது. போட்டிகளில் அளந்த வேகங்கள் அதைவிடக் குறைவு. 2017 ஜனவரியில் இந்தியாவின் பிரீமியர் பேட்மின்டன் லீகில் டென்மார்க்கின் மேட்ஸ் பீலர் கோல்டிங் 426 கி.மீ. வேகத்தில் அடித்தார், அது நெடுங்காலம் போட்டிகளின் சாதனையாகச் சொல்லப்பட்டது. ஓடி, நிலை தடுமாறி, எதிராளி விரும்பாத இடத்தில் கொடுத்த ஷட்டிலை அடிக்கும்போது 426 வருவதை, அரங்கில் வந்த 565-ஐவிடச் சிறிதாக நான் மதிக்க மாட்டேன்.

எதிரே நிற்பவருக்கு என்ன நேர்கிறது? ஓர் அடியைத் தொடர்ந்து பார்ப்போம். அடிப்பவர் வலைக்கு 4.6 மீட்டர் பின்னால் எகிறி 400 கி.மீ. வேகத்தில் ஸ்மாஷ் அடிக்கிறார். எதிராளி வலைக்கு 5 மீட்டர் பின்னால் குனிந்து நிற்கிறார். இடையே 9.6 மீட்டர். முதல் 3.2 மீட்டரில் வேகம் 200 ஆகிறது; அதற்கு 0.04 நொடி. அடுத்த 3.2 மீட்டரில் 100 ஆகிறது, 0.08 நொடி. கடைசி 3.2 மீட்டரில் 50 ஆகிறது, 0.17 நொடி. மொத்தம் 0.29 நொடி. காற்றே இல்லாமல் 400 கி.மீ.யிலேயே வந்திருந்தால் 0.09 நொடியில் வந்து சேர்ந்திருக்கும். யாராலும் தொட முடியாது. கண்ணில் பட்டதற்குக் கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி தேவை. காற்று கொடுக்கும் அந்த 0.2 நொடிக் கடன்தான் தடுப்பாட்டம் என்ற ஒன்றை உயிரோடு வைத்திருக்கிறது. மீதி நேரத்தை, அடிப்பவரின் தோளையும் மட்டையின் முகத்தையும் முன்கூட்டியே படித்துச் சம்பாதிக்கிறார்கள்.

பயண நேரம் சரிக்குச் சரியாகப் பிரியவில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்த நேரத்தில் பாதிக்கு மேல் கடைசி 3.2 மீட்டரில் செலவாகிறது. இதிலிருந்து ஆட்டத்துக்கு நேரடியாக உதவும் ஒரு முடிவு வருகிறது. மேலே சொன்ன அதே ஆட்டக்காரர் அதே 400 கி.மீ. ஸ்மாஷை வலைக்கு ஒரு மீட்டர் நெருங்கி அடித்தால், பயண நேரம் 0.29-லிருந்து 0.23 நொடியாகக் குறைகிறது. இடத்தை மாற்றாமல் வேகத்தால் மட்டும் இதே லாபத்தைப் பெற வேண்டுமென்றால் அவர் 500 கி.மீ.க்கும் மேல் அடிக்க வேண்டும். ஒரு மீட்டர் முன்னே வருவதும் மணிக்கு நூறு கி.மீ. வேகம் கூட்டுவதும் ஒன்று.

முதலாவதைக் காலால் செய்துவிடலாம். இரண்டாவது, பல ஆண்டுப் பயிற்சிக்குப் பிறகும் பலருக்குக் கிட்டாது. ஷட்டில் உடம்புக்குப் பின்னால் போகும்வரை விடாதே, முன்னாலேயே பிடி என்று பயிற்சியாளர்கள் கத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது. கடைசிக் கோட்டருகே போய் முழு பலத்தோடு அடிக்கும் ஸ்மாஷ், தொலைக்காட்சியில் அழகாக இருக்கலாம். 400 கி.மீ.யில் கிளம்பினாலும் எதிராளியிடம் போய்ச் சேர 0.43 நொடி எடுத்து, சுமார் 35 கி.மீ. வேகத்தில் அவர் மட்டையில் போய் விழும். நல்ல இரட்டையர் ஜோடி அதைச் சுலபமாகத் தூக்கி மறுபடியும் கடைசிக்கே அனுப்பிவிடும். மூன்று நான்கு ஸ்மாஷ்களில் அடித்தவர்தான் களைத்துப் போவார். தடுப்பவர் பக்கத்திலும் இதே கணக்குதான்: அரை மீட்டர் பின்னால் நின்றாலே கையில் கிடைக்கும் நேரம் கணிசமாகக் கூடும்.

இவ்வளவும் ஷட்டில் சரியாக இருந்தால் மட்டும். காற்றின் அடர்த்தி மாறினாலே 3.2 மீட்டர் என்ற எண் மாறிவிடும். வெப்பக் காற்று மெலிந்தது, ஷட்டில் அதில் நீளப் பறக்கும். மலைமேல் காற்று இன்னும் மெலிது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே வேகம் பாதியாக 4 மீட்டர் வேண்டும். இதைச் சரிக்கட்டத்தான் ஷட்டில் டப்பாவில் 75, 76, 77 என்று எண்கள் போடுகிறார்கள். அது கிரெய்ன் என்ற பழைய அளவில் ஷட்டிலின் எடை. 77 கிரெய்ன் என்றால் ஏறக்குறைய 5 கிராம். எடை கூடினால் காற்றுக்கு அதை நிறுத்த அதிக தூரம் தேவை. வெயில் ஊருக்கும் மலை ஊருக்கும் குறைந்த எண், குளிர் ஊருக்குக் கூடிய எண்.

உங்கள் அரங்குக்கு எந்த எண் பொருந்தும் என்பதை விதிப்புத்தகத்தில் உள்ள சோதனையால் நீங்களே கண்டுபிடிக்கலாம். கடைசிக் கோட்டுக்கு மேலே மட்டை படும்படி நின்று, கீழிருந்து மேல்நோக்கி, பக்கக் கோட்டுக்கு இணையாக முழு பலத்தோடு அடியுங்கள். சரியான ஷட்டில் எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டுக்கு 530 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் 990 மில்லிமீட்டருக்கு மிகாமலும் உள்ளே விழும். அதற்கு முன்பே விழுந்தால் மெதுவானது, கோட்டை ஒட்டியோ தாண்டியோ விழுந்தால் வேகமானது. எண் சரியாக இருந்தும் பறக்கும்போது தள்ளாடினால் ஏதோ ஓர் இறகு முறிந்திருக்கும் அல்லது பசை விட்டிருக்கும். இறகு காய்ந்து போனால் சட்டென்று முறியும் என்பதால்தான் பல கிளப்களில் ஆட்டத்துக்கு முன் டப்பாவுக்குள் நீராவி காட்டி வைக்கிறார்கள்.

நைலான் ஷட்டிலில் மட்டும் பழகியவர்கள் இறகு ஷட்டிலுக்கு மாறும்போது முதலில் குழம்புவார்கள். பலமாக அடிக்கும்போது நைலான் கூம்பு காற்றின் அழுத்தத்தில் உள்வாங்கிச் சுருங்குகிறது. சுருங்கினால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறைகிறது, தடையும் குறைகிறது. எனவே அதே ஸ்மாஷ் எதிர்பார்த்ததைவிட வேகம் குறையாமல் போய்ச் சேரும். இறகுக் கூம்பு விறைப்பாக நிற்பதால் இவ்வளவு சுருங்குவதில்லை. நைலானில் எதிராளியைத் திணறடித்த ஸ்மாஷ், இறகு ஷட்டிலில் அவர் மட்டைக்கு முன்னால் தளர்ந்து விழும்போது, கையில் பலம் குறைந்துவிட்டதாக நினைத்துத் தோளை முறுக்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் முன்னால் வந்து அடித்துப் பாருங்கள்.